அவர் வீடு, அவர் நாய், அவருடைய செவ்வாய்க்கிழமை: காதலிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காதலிக்கிறவர்கள், கல்யாணம் பேசி முடித்தவர்கள் என்று பலரோடு சென்னையில் உட்கார்ந்து பேசுவது என் வேலை. என் வீட்டில் இரண்டு நாட்டு நாய்கள் இருக்கின்றன. அதனால் நாய், பூனை சம்பந்தப்பட்ட கேள்விகளும் என்னைத் தேடி வந்துவிடும். இங்கே இருப்பவை திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை. கேட்டவர்களை யாரும் அடையாளம் கண்டுபிடிக்காதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"எட்டு மாசமா பழகுறோம். இன்னும் அவர் வீட்டு வாசலைக்கூட நான் பார்த்ததில்ல. இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

எந்த வீடு என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் 'அவர் வீடு' என்றால் பாதிப் பேருக்கு அது பெற்றோரின் வீடு. அங்கே ஒரு பெண்ணை அழைத்துப் போனால், வீட்டைப் பொறுத்தவரை கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று ராத்திரியே சித்திக்கும் அத்தைக்கும் போன் போய்விடும். எட்டு மாதத்தில் ஒருவர் அதற்குத் தயாராகவில்லை என்றால் அதை நான் குறையாகப் பார்க்க மாட்டேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ, பி.ஜி.யிலோ இருப்பவர் என்றால் கதையே வேறு. அங்கே விருந்தாளியை அறைக்குள் விடவே மாட்டார்கள். தனியாக வாடகை வீட்டில் இருக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும், ஹவுஸ் ஓனர் கீழ்வீட்டிலேயே இருந்தால் சிக்கல்தான். "சொந்தக்காரங்களைத் தவிர யாரும் வரக்கூடாது" என்று சொல்லித்தான் சாவியையே கொடுத்திருப்பார். அதை மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியது அவர்தான், நீங்கள் இல்லை.

சொந்த ஃபிளாட், அல்லது நண்பர்களோடு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வீடு, எட்டு மாதம், ஒரு தடவைகூட இல்லை என்றால் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கேட்டபிறகு இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, காரணம் நிலையாக இருக்கிறதா? உண்மையான காரணம் பெரும்பாலும் மாறாது. ஹவுஸ் ஓனர் கெடுபிடி என்றால் ஜனவரியிலும் அதுதான், ஜூனிலும் அதுதான். "ரூம்மேட்டுக்கு உடம்பு சரியில்ல", "பெயின்ட் அடிக்கறாங்க", "ஊர்ல இருந்து மாமா வந்திருக்கார்" என்று மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தால் அது காரணம் கிடையாது, தள்ளிப்போடுதல். இரண்டாவது, அந்த ஒரு வாசல் மூடியிருந்தாலும் வேறு வாசல் ஏதாவது திறந்திருக்கிறதா? அவர் அக்காவோடு நீங்கள் போனில் பேசியிருக்கிறீர்களா? தினமும் டீ குடிக்கிற கடைக்கு உங்களை அழைத்துப் போனாரா? சமையலறையில் நின்று தோசை ஊற்றிக்கொண்டே வீடியோ காலில் பேசியிருக்கிறாரா? இவை இருந்தால் வீட்டுக்குள் காலடி வைப்பது இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பெரிய கவலை இல்லை. எல்லா வாசலும் ஒரே சமயத்தில் மூடியிருந்தால்தான் எனக்குக் கவலை வரும்.

"அவர் நாயை முதல் தடவையா பார்க்கப் போறேன். எனக்கு நாய்னாலே சின்ன வயசுல இருந்து பயம். என்ன பண்ணணும்?"

பயத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயம் இல்லாதது போல் காட்டிக்கொண்டு போய், கடைசி நிமிஷத்தில் கையை வெடுக்கென்று இழுப்பதுதான் நாயைக் குழப்பும்.

முதல் சந்திப்பை அவர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். வீடு அந்த நாயின் இடம். காலிங்பெல் அடித்ததுமே அது உச்சத்தில் இருக்கும். கேட்டுக்கு வெளியே, ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில், சாயங்காலம் தார் ரோடு சூடு ஆறியபிறகு சந்தியுங்கள். அவர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். நீங்கள் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, அதே திசையில், கூடவே நடங்கள். நேருக்கு நேராக வராதீர்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். அதோடு பேசவும் வேண்டாம். ஐந்து, பத்து நிமிஷத்தில் நாய் உங்களை மறந்துவிட்டு வழக்கம்போல் விளக்குக் கம்பத்தை முகர ஆரம்பிக்கும். அப்போது இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம். கடைசியில் நீங்கள் பக்கவாட்டில் நின்றுகொண்டு கையைத் தொடையோரம் தளர்வாக விடுங்கள். அதுவே வந்து முகரும். முகர்ந்துவிட்டுப் போனால் போகட்டும். அன்றைக்கு அவ்வளவு போதும்.

அது பக்கத்திலேயே நின்றால், தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் கழுத்தோரமோ நெஞ்சிலோ மூன்று விநாடி தடவிக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். திரும்ப உரசிக்கொண்டு வந்தால் அதற்குப் பிடித்திருக்கிறது. நகர்ந்துவிட்டால் போதும் என்கிறது.

உடம்பைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பயம் பாதி குறையும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண் ஓரத்து வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'எனக்குச் சங்கடமா இருக்கு' என்பதற்கான அடையாளங்கள். வாலாட்டினால் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பே சேர்ந்து ஆடும் தளர்ந்த வாலாட்டம் வேறு. உடம்பு விறைத்து, வால் மேலே நின்று, நுனி மட்டும் வேகமாக ஆடுவது வேறு. இரண்டாவதைப் பார்த்தால் அசையாமல் நின்று, அவரை நாயை அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

எந்த நாளில் என்பதையும் பார்த்து வையுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரத்தில் இந்த அறிமுகத்தை வைக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கிற நாய்க்குப் புது ஆளைத் தாங்கிக்கொள்ளும் மனநிலை இருக்காது.

"சோபாவுல அவர் பக்கத்துல உட்கார்ந்தேன், நாய் உறுமிச்சு. அவர் 'ஒண்ணும் பண்ணாது'னு சிரிச்சார். நாய்க்கு என்னைப் பிடிக்கலைனு எடுத்துக்கணுமா?"

நாய்க்கு உங்கள்மேல் எந்த அபிப்பிராயமும் இன்னும் உருவாகவில்லை. அது தன் இடத்தைக் காக்கிறது. சோபா, கட்டில், சாப்பாட்டுத் தட்டு, கடித்துக்கொண்டிருக்கும் எலும்பு, சில சமயம் எஜமானின் மடி என்று எதையும் அப்படிக் காக்கலாம். உறுமல் ஒரு எச்சரிக்கை, அதை நாம் மதிக்க வேண்டும். உறுமியதற்காக அடித்தோ அதட்டியோ அடக்கினால், அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடும்.

நான் கவனிக்கச் சொல்வது அவரை. நாய் உறுமியதும் எழுந்து, அமைதியாக நாயைக் கீழே அழைத்து, உங்களுக்கும் அதற்கும் நடுவில் இடம் ஏற்படுத்தினாரா? அப்படியென்றால் உங்கள் பயத்தையும் நாயின் சங்கடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரிந்தவர். நாயை ஓங்கி ஒரு அடி வைத்தாரா? கோபம் வந்தால், திருப்பித் தாக்க முடியாத உயிரிடம் அவர் என்ன செய்வார் என்பதை இலவசமாகப் பார்த்துவிட்டீர்கள். சிரித்து விட்டுவிட்டார் என்றால் பெரும்பாலும் அது அறியாமை. "எனக்குப் பயமா இருந்துச்சு, அடுத்த தடவை நீங்க அதைக் கீழ கூப்பிடணும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொன்னபிறகும் சிரித்தால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு அவசியமான விஷயம். பல் பட்டுவிட்டால், அவருடைய செல்ல நாயாகவே இருந்தாலும், கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று கணக்கு. நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போட்டிருந்தால் அந்தக் கார்டை அவர் டாக்டரிடம் காட்டட்டும், முடிவு டாக்டருடையது. நாயைப் பார்க்கப் போவதற்கு முன்பே "ஊசி போட்டாச்சா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பொறுப்பாக வளர்க்கிறவர் அந்தத் தேதியை உடனே சொல்லுவார்.

"அவ வீட்டுப் பூனை மூணு தடவை போயும் கட்டிலுக்கு அடியிலயே இருக்கு. நான் என்ன தப்பு பண்றேன்?"

தேடிப் போகிறீர்கள், அதுதான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள். தரையில் உட்கார்ந்து உங்கள் காதலியோடு மெதுவான குரலில் பேசிக்கொண்டிருங்கள். பூனை வெளியே வந்து தூரத்தில் நின்று பார்த்தால், நீங்களும் ஒரு பார்வை பார்த்து, கண்ணை மெதுவாக மூடித் திறந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அது பூனைக்குப் புரிகிற மரியாதை. கிட்டே வந்தால் அதன் மூக்கு உயரத்துக்கு ஒரு விரலை நீட்டுங்கள். கன்னத்தை விரலில் தேய்த்தால் உங்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டது. சில பூனைகளுக்கு இதற்கு வாரக்கணக்கில் ஆகும். மூன்று தடவை என்பது ஒன்றுமே இல்லை.

"பூனை இருக்கிற வீட்டுல அரை மணி நேரம் இருந்தாலே தும்மல். கல்யாணத்துக்கு அப்புறம் பழகிடும்னு சொல்றா. பழகுமா?"

அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். காலப்போக்கில் சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு மூச்சிரைப்பு வரை போகிறது. தும்மலுக்குக் காரணம் முடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கிற ஒரு புரதம்தான் உண்மையான காரணம். பூனை தன்னை நக்கி நக்கிச் சுத்தம் செய்வதால் அந்தப் புரதம் முடியெல்லாம் பரவி, காய்ந்து, தூசியாகக் காற்றில் மிதக்கும். மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொள்ளும். பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பினாலும் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதனால் 'நீ வரும்போது பூனையை ரூமில் பூட்டி வைக்கிறேன்' என்பது பாதித் தீர்வுதான்.

மாத்திரை போட்டுக்கொண்டு போய்ச் சமாளிக்காதீர்கள், உண்மை மறைந்துவிடும். ஆஸ்துமா இருந்ததே இல்லை என்றால், மாத்திரை இல்லாமல் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் இருந்து பாருங்கள். அன்று ராத்திரி எப்படி இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். ஆஸ்துமா இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், நேராக அலர்ஜி டாக்டரிடம் போங்கள். முடிவு எதுவானாலும் நிச்சயதார்த்தத்துக்கு முன் தெரியட்டும். ஏழு வருஷம் வளர்த்த பூனையைக் கல்யாணமான மூன்றாம் மாதம் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கணவர்மேல் தப்பில்லை, அவருக்கு மூச்சு விட முடியவில்லை. ஆனால் காதலித்த இரண்டு வருஷமும் அவர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் அந்த வீட்டுக்குப் போயிருந்தார் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"வீட்டுக்குப் போயிட்டேன், அம்மா அப்பாவைப் பார்த்துட்டேன், நாயும் பழகிடுச்சு. இதுக்கு மேல என்ன இருக்கு?"

ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது.

நீங்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை வீடு. பெருக்கித் துடைத்து, பிரியாணி செய்து, நாயைக் குளிப்பாட்டி வைத்திருந்த வீடு. அதில் பொய் எதுவும் இல்லை, விருந்தாளிக்கு எல்லோரும் செய்வதுதான். ஆனால் நீங்கள் வாழப்போவது வேலை நாளில். அதைப் பார்க்காமல் போனதால் வந்த சிக்கல்தான் என்னிடம் வருகிற புதுமணத் தம்பதிகளிடம் அதிகம்.

ஒரு ஜோடியைச் சொல்கிறேன். அவர் பெருங்குடியில் ஐ.டி. வேலை, அமெரிக்க ஷிப்ட். அவள் தாம்பரம் பக்கம் ஒரு வங்கியில். ஒரு வருஷமாக சனி, ஞாயிறு மட்டும் சந்தித்துக்கொண்டார்கள். அவருக்குக் கருப்பி என்று ஒரு நாட்டு நாய், தெருவில் இருந்து எடுத்து வளர்த்தது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஒரு வேலை நாளின் கணக்கை இரண்டு பேரும் தனித்தனியாக, எழுவதிலிருந்து படுப்பது வரை, எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அவருடைய செவ்வாய்க்கிழமையை நேரில் போய்ப் பார்க்கும்படி அவளிடம் தனியாகச் சொன்னேன்.

அவர் மாலை ஐந்துக்குக் கிளம்பி அதிகாலை மூன்றரைக்கு வருகிறார். நாலு மணியிலிருந்து பதினொன்று வரை தூக்கம். அவள் காலை எட்டரைக்குக் கிளம்பி ராத்திரி ஏழுக்கு வீடு திரும்புகிறவள். தாள்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு பேரும் விழித்திருந்து ஒரே வீட்டில் இருக்கிற நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை என்பது தெரிந்தது. ஒரு வருஷமாகக் காதலித்தவர்களுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

அதைவிடப் பெரியது நேரில் போனபோது தெரிந்தது. கருப்பி மாலை ஐந்து முதல் விடிகாலை மூன்றரை வரை, பத்தரை மணி நேரம் தனியாக இருக்கிறது. எட்டு மணிக்குக் கீழ்வீட்டுப் பாட்டி வந்து அதை வெளியே அழைத்துப்போய், சோறு வைத்துவிட்டுப் போகிறார். பாட்டி சொன்னார்: "இனிமே நீ வந்துடுவியேமா, எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல." அவள் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு ஏழு மணிக்கு பேங்கிலிருந்து வந்து, எட்டு மணிக்கு நாயை வெளியே கொண்டுபோவது அவள்தான் என்பது அவர் மனதிலும் பாட்டியின் மனதிலும் முடிவாகியிருந்தது. அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, அது ஒரு பேச வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளினார்கள். அவர் மதியம் ஒன்று முதல் இரவு பத்து வரை உள்ள ஷிப்டுக்கு மாற்றம் கேட்டார், கிடைக்க நாலு மாதம் ஆனது. இப்போது காலை ஏழு மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் கருப்பியை வெளியே கூட்டிப்போவது அவர். ஏழரை மணிச் சோறு மட்டும் அவளுடையது.

உங்கள் தாளிலும் இந்த மாதிரி விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை மணிக்குப் படுக்கிறார், தண்ணீர் லாரி வரும்போது யார் இறங்குகிறார், நாய்க்கு யார் சோறு வைக்கிறார், அவருடைய இன்றைய வசதியை யார் முதுகு தாங்கிக்கொண்டிருக்கிறது? அந்த இடத்துக்குத்தான் உங்களை யோசித்து வைத்திருக்கக்கூடும். அது அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், கீழ்வீட்டுப் பாட்டியாகவும் இருக்கலாம்.

"வீட்டுக்குக் கூப்பிடறார். எனக்குப் போகவும் ஆசை, பயமாவும் இருக்கு."

பகலில் போங்கள். உங்கள் வண்டியில் போங்கள், அல்லது நீங்களே ஆட்டோ பிடியுங்கள். திரும்பி வருவதற்கு அவரை நம்பியிருக்கும் நிலை வேண்டாம். ஒரு தோழியிடம் முகவரி சொல்லி, லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டுப் போங்கள். இதை அவரிடம் மறைக்கவும் வேண்டாம். "என் ஃப்ரெண்டுகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றால் நல்லவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வரச் சம்மதித்தது வீட்டுக்கு வருவதற்கான சம்மதம் மட்டும்தான். "வீடு வரைக்கும் வந்துட்டியே" என்று பேச்சு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

போகிற வழியில் ஒன்றைக் கவனிக்கலாம். அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டி "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பார். உங்களைக் கூப்பிட்டவர் அதற்கு என்ன சொல்கிறார்? "ஃப்ரெண்டு" என்றால் சரி, செக்யூரிட்டியிடம் காதல் கதை சொல்லத் தேவையில்லை. "ஆபீஸ்ல இருந்து பேப்பர் கொடுக்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு, லிப்டில் வேண்டாம், படியில் போகலாம் என்றால், அந்தக் கட்டிடத்தில் யாருடைய கண்ணுக்கு உங்களை மறைக்கிறார் என்று அன்றைக்கே கேளுங்கள்.

"அவர் சிங்கப்பூர்ல இருக்கார். ரெண்டு வருஷமா போன்லதான். வாடகை ரூம்ல பூனை வளர்க்கறேன்னு சொல்றார், ஒரு தடவைகூட காட்டினதில்ல."

வேலைக்காகப் போனவர்களில் பலர் தங்கும் விடுதியில், ஒரே அறையில் பலரோடு இருக்கிறார்கள். அங்கே கேமராவைத் திருப்பிக் காட்டினால் உடை மாற்றிக்கொண்டிருக்கிற இன்னொருவர்தான் தெரிவார். அந்தக் கூச்சம் நியாயமானது. அங்கே பூனை வளர்க்கவும் முடியாது. வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்திருக்கிறார் என்றால், முன்பு பூனையை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. 2024 செப்டம்பருக்கு முன் அந்த வீடுகளில் பூனைக்கே அனுமதி இல்லை. அதன்பிறகு உரிமம் எடுத்து ஒரு வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம். இப்போதும் காட்ட முடியாது என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வளர்க்கிறார், இல்லையென்றால் பூனையே இல்லை.

பூனையை விடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய சாதாரண நேரம். முன்கூட்டிச் சொல்லாமல், வெவ்வேறு நேரத்தில், இரண்டு நிமிஷ வீடியோ கால். துணி காயப்போடும்போது, பஸ் ஸ்டாப்பில், மளிகைக் கடையில். எப்போதும் ஒரே சுவர், ஒரே நேரம், இரவு ஒன்பதுக்குப் பிறகு போன் ஆஃப் என்றால் அங்கே இன்னொரு குடும்பம் இருக்க வாய்ப்பு உண்டு. முகமே காட்டாமல் "பார்சல் கஸ்டம்ஸில் மாட்டியிருக்கு", "அக்கவுண்ட் முடங்கியிருக்கு" என்று பணப் பேச்சு தொடங்கினால் அது காதலே இல்லை, திருட்டு. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்கு முன் முடக்க வழி இருக்கும்.

"நான்தான் அவளைக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கறேன். எங்க வீடு ஒரே ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தெரு பேரைச் சொன்னாலே எங்க சாதியும் தெரிஞ்சிடும்."

தம்பி, உங்கள் கேள்விக்காகத்தான் மேலே அவ்வளவு 'பொறுத்தது' போட்டேன். வீட்டைக் காட்டாதவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதிவிடுவது சுலபம். நம் ஊரில் முகவரி என்பது வெறும் முகவரியாக இல்லை. எந்த ஊர் என்று கேட்டு, எந்தத் தெரு என்று கேட்டு, அதற்கு மேல் கேட்காமல் நிறுத்திக்கொள்கிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அந்த வலிக்குப் பிறகு ஒரு வாசலை மூடி வைத்திருப்பது கோழைத்தனமில்லை.

ஆனால் அவளுக்குத் தெரிவது நீங்கள் ஏதோ மறைக்கிறீர்கள் என்பது மட்டும்தான். காரணம் தெரியாத இடத்தில் அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு அழைத்துப் போவதற்கு முன், வெளியே ஒரு இடத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். ஒரே ரூம், கூரை, தெரு, அப்பாவின் வேலை எல்லாவற்றையும். கேட்டபிறகு அவளுடைய அடுத்த கேள்வி என்னவென்று பாருங்கள். "அம்மா என்ன சமைப்பாங்க?" என்று கேட்கிறவள் ஒரு ரகம். "எங்க வீட்டுல இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்கிறவள் பயப்படுகிறாள், அவளைத் தள்ளிவிடாதீர்கள், அவள் பயமும் நிஜம். இரண்டு வீட்டிலும் மிரட்டல் வரும் என்று தோன்றினால், முதல் வேலை பாதுகாப்பு. வீட்டு அறிமுகம் அதற்கப்புறம்.

பேச்சு மாறி, போன் எடுப்பது குறைந்தால் உங்களுக்கு வலிக்கும். அந்த வலியை ஐந்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் படுவதைவிட இப்போதே படலாம்.

"பிரிஞ்சிட்டோம். அவரை மறந்துடுவேன் போல. நாயைத்தான் மறக்க முடியல. பார்க்கக் கேட்கலாமா?"

ஒரு தடவை கேட்கலாம். வருகிற பதில் வேண்டாம் என்றால் மறுபடி கேட்காதீர்கள். சரி என்றால், நாயைச் சாக்காக வைத்து அவரைப் பார்க்கப் போகிறீர்களா என்று போவதற்கு முன்பே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள், நாய் உங்கள் வாசனையை அதற்குள் மறக்காது.

மிரட்டியவர், கை நீட்டியவர் என்றால் கேட்கவே வேண்டாம். இல்லையென்றால் வெளியே, அது வழக்கமாக நடக்கிற தெருவிலேயே பாருங்கள். குனிந்து உட்காருங்கள், அது மேலே பாய்ந்து முகத்தை நக்கும், நீங்கள் அழுவீர்கள், பரவாயில்லை. கிளம்பும்போது திரும்பத் திரும்ப டாட்டா சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். கயிறு அவர் கையில் இருக்கட்டும், அது ஏதாவது ஒரு கம்பத்தை முகர்ந்துகொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து நடந்துவிடுங்கள்.